திருமுருகாற்றுப்படையின் முதல் பதினொரு அடிகளுக்கு நச்சினார்க்கினியர் உரையிலிருந்து சொற்பொருள் எடுத்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைப் பக்கத்தில் ஒரு வாசிப்புக் குழு. சஷ்டிக்குத் திருமுருகாற்றுப்படையைச் சேர்ந்து ஓதும் பழக்கம் உள்ளவர்கள். 317 அடிகளையும் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் அதில் இரண்டு மூன்று பேர் உண்டு. ஆனால் 'கமஞ்சூல்' என்றால் என்ன, 'பராரை' என்றால் என்ன என்று கேட்டால் பதில் வராது. பாட்டின் ஓரத்தில் அச்சிட்டுக் கொடுக்க ஒரு சொற்பொருள் பட்டியல் வேண்டும், அதுவும் இன்றைய ஏதோ ஒரு எளிய உரையிலிருந்து இல்லாமல் பழைய உரையிலிருந்தே வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

வேலையை எடுத்துக்கொண்டவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், பட்டியலைக் கணினியில் ஒழுங்குபடுத்தித் தந்த இளைஞர் ஒருவர். முதல் பட்டியல் தயாரான பிறகு அதைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்ததை அவர்களின் தாள்களைப் பார்த்தும் கேட்டும் எழுதுகிறேன்.

உரை, 14ஆம் நூற்றாண்டினர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் நச்சினார்க்கினியர் எழுதியது. அவரும் மதுரைக்காரர்தான். பத்துப்பாட்டு முழுமைக்கும் அவர் உரை உண்டு, 1889இல் உ.வே.சாமிநாதையர் மூலத்தையும் அந்த உரையையும் சேர்த்துப் பதிப்பித்தார். திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டில் முதல் பாட்டு, பதினோராம் திருமுறையிலும் இடம்பெற்றது. அதனால் வேறு பழைய உரைகளும் இதற்கு உண்டு. பரிமேலழகர் பெயரில் வழங்கும் உரை அதில் ஒன்று. இந்தக் குழு தொடக்கத்தில் நச்சினார்க்கினியரை மட்டுமே வைத்துக்கொண்டது. முதலில் எடுத்துக்கொண்ட பகுதி 'உலகம் உவப்ப' முதல் 'உருள்பூந் தண்தார் புரளும் மார்பினன்' வரை.

முதல் பட்டியலில் கண்டது

முதல் பட்டியல் செய்த முறை எளிமையானது. இடப்பக்கம் பாட்டின் தொடர், வலப்பக்கம் உரையின் தொடர். இரண்டையும் சொல் சொல்லாக வெட்டி, ஒன்றுக்கு எதிரே ஒன்றை வைத்தார்கள். உரை பார்ப்பதற்குப் பதவுரை போலவே இருப்பதால் இது சரியான வழி என்றே யாருக்கும் தோன்றும்.

பல இடங்களில் இது நன்றாகவே வேலை செய்தது. செல் என்பதற்கு இடி, கமம் என்பதற்கு நிறைவு, பொதுளிய என்பதற்குத் தழைத்த, பராரை என்பதற்குப் பருத்த அடிமரம், மராஅம் என்பதற்குச் செங்கடம்பு. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகராறு வந்தது வேறு வகைச் சொற்களில்.

இரண்டாம் அடி, 'பலர்புகழ் ஞாயிறு கடற்கண் டாஅங்கு'. உரையில் இது கடலிடத்தே ஞாயிற்றைக் கண்டாற்போல என்ற பொருளில் வருகிறது. பட்டியலில் 'கண் – இடம்' என்று ஒரு பதிவு இருந்தது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. கண் ஏழாம் வேற்றுமை உருபு, உரையிலும் 'இடத்தே' என்று இருக்கிறது. மாணவி இதை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஐயா, கண்-ணுக்கு இடம்னு உரையிலேயே இருக்கே?"

"கண்-ணை எடுத்துட்டா மிச்சம் என்னம்மா இருக்கு? 'டாஅங்கு'. அதுக்கு ஒரு பொருள் சொல்லு, பார்ப்போம்."

அதோடு அந்தப் பதிவு போயிற்று. இங்கே பிரிப்பு 'கடல் கண்டாஅங்கு'. கண் என்பது காணுதலில் சேர்ந்தது. அளபெடையும் புணர்ச்சியும் சேர்ந்து அச்சில் அதை வெட்டிக் காட்டுகின்றன. 'இடத்தே' என்பது பாட்டில் இல்லாத வேற்றுமை உருபை உரையாசிரியர் விரித்துச் சொன்னது. ஆக, உரையில் இருக்கும் ஒரு சொல்லுக்குப் பாட்டில் இணைச் சொல்லே இல்லாமல் இருக்கலாம். இல்லாத இணையை நாம் தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துத்தான் தீரும், அதுதான் ஆபத்து.

இதே குற்றம் இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. 'வலனேர்பு திரிதரு' என்பதற்கு உரையாசிரியர், ஞாயிறு எழுந்து மகாமேருவை வலமாகச் சுற்றுவது என்று விரிக்கிறார். பட்டியலில் வலன் என்பதற்கு எதிரே 'மேருவை வலமாக' என்று முழுவதும் ஏறியிருந்தது. 'வாணுதற் கணவன்' என்ற இடத்தில் வாணுதல் என்பதற்கு எதிரே 'தெய்வயானையார்' என்று இருந்தது. வாள் ஒளி, நுதல் நெற்றி, வாணுதல் ஒளி பொருந்திய நெற்றியை உடையவள். அவள் யார் என்று உரையாசிரியர் சொல்வது நமக்கு வேண்டிய செய்திதான். ஆனால் அது சொல்லின் பொருள் ஆகாது. நாளைக்கு இந்தப் பட்டியலை வைத்து யாராவது வேறு பாட்டில் வரும் வாணுதலைத் தெய்வயானை என்று படித்தால் என்ன ஆகும்?

எடுத்த முடிவு: முதலில் வாக்கியம், அப்புறம் சொல்

சொல் சொல்லாக வெட்டுவதை நிறுத்திவிட்டு, உரையின் வாக்கியம் எப்படி முடிகிறது என்பதை முதலில் எழுதுவது என்று தீர்மானித்தோம். பழைய உரைக்காரர்கள் எதையும் ஒரு வினைமுடிவை நோக்கியே கொண்டுபோகிறார்கள். அந்த எலும்புக்கூடு கிடைத்தால் எந்தச் சொல் எதற்குச் சேர்ந்தது என்பது தானாகத் தெரியும்.

முதல் ஆறடிக்கு அது இப்படி வந்தது. ஞாயிற்றைக் கடலில் கண்டாற்போன்ற ஒளி, உறுநரைத் தாங்கிய தாள், செறுநரைத் தேய்த்த கை, இம்மூன்றையும் உடைய வாணுதல் கணவன். பாட்டில் ஒளி, தாள், கை என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை இணைக்கும் 'உம்' இல்லை, 'உடைய' இல்லை. உரையாசிரியர் அவற்றைப் போட்டுக் கணவனில் கொண்டுபோய் முடிக்கிறார். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டதுமே, உரையில் வரும் 'உடைய', 'உம்' எல்லாம் வருவித்தவை என்று பிரிந்துவிட்டன.

திருமுருகாற்றுப்படையின் இந்தப் பகுதியில் உரையாசிரியர் அடிகளை அதிகம் புரட்டவில்லை, அதனால் வேலை சுலபம். இதே ஆசிரியர் முல்லைப்பாட்டில் எங்கேயோ இருக்கும் சொல்லை எங்கேயோ கொண்டுபோய் மாட்டுவார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அதைக் கண்டித்தது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே எலும்புக்கூடு எழுதாமல் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

பட்டியலில் ஒரு புதுப் பத்தி சேர்த்தோம். ஒவ்வொரு பதிவும் எந்த வகை என்று அதில் குறிக்க வேண்டும். வகை மூன்றுதான். சொல்லுக்கு எங்கும் செல்லக்கூடிய பொருளானால் 'நேர்ப்பொருள்'. இந்த இடத்துக்கு மட்டும் உரியதானால் 'இடப்பொருள்'. பாட்டில் சொல்லே இல்லாமல் உரையாசிரியர் சேர்த்ததானால் 'வருவித்தது'. சில பதிவுகள் இப்படி மாறின:

செல் – இடி – நேர்ப்பொருள்
வலன் – வலமாக – நேர்ப்பொருள்
(மகாமேருவை) – வருவித்தது
வாணுதல் – ஒளி பொருந்திய நெற்றியை உடையவள் – நேர்ப்பொருள். தெய்வயானை – இடப்பொருள்

இளைஞர் இன்னும் நுட்பமாக ஏழெட்டு வகை வைக்கலாம் என்றார். வகை கூடினால் ஒரே சொல்லை இருவர் இருவிதமாகக் குறிப்பார்கள், பிறகு குறிப்பைச் சரிபார்க்கவே தனி வேலை நடக்கும். மூன்றோடு நின்றது நல்லது என்றே இன்னும் நினைக்கிறேன்.

'உலகம்': உரையாசிரியரே போட்ட வேலி

எது இடப்பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் உரையே சொல்லிவிடும், நாம் கவனித்தால்.

பாட்டின் முதல் சொல் உலகம். பட்டியலில் 'உலகம் – உயிர்கள்' என்று இருந்தது. உரையில் அப்படித்தான், எல்லாச் சீவான்மாக்களும் மகிழ என்ற பொருள் வருகிறது. ஆனால் உரையாசிரியர் அதோடு நிற்கவில்லை. உலகம் என்பது பல பொருள் ஒரு சொல் என்றும், நிலம், உயிர்கள், ஒழுக்கம் ஆகியவற்றை உணர்த்தும் என்றும், ஈண்டு மண்ணில் வாழும் உயிர்களைக் குறித்தது என்றும் ஒரு விளக்கம் தருகிறார்.

அந்த 'ஈண்டு' என்ற சொல்தான் முக்கியம். 'இங்கே மட்டும்' என்று அவரே வேலி போடுகிறார். மகிழ்வது உயிர்தான், நிலம் மகிழாது, ஆகவே உவப்ப என்ற வினை உலகத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது. அதனால் பட்டியலில் இது 'உலகம் – நிலம், உயிர்கள், ஒழுக்கம் (நேர்ப்பொருள்). உயிர்கள் (இடப்பொருள், உவப்ப என்றதனால்)' என்று மாறியது. உரையில் எங்கெல்லாம் 'ஈண்டு', 'என்றது', 'ஆகுபெயர்' என்று வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் வட்டமிட மாணவியிடம் சொன்னோம். இடப்பொருள்களில் பெரும்பகுதி அந்த வட்டங்களுக்குள்ளேயே அகப்பட்டன.

'மதனுடை நோன்றாள்': நேரம் பிடித்த இடம்

நான்காம் அடி, 'உறுநர்த் தாங்கிய மதனுடை நோன்றாள்'. நச்சினார்க்கினியர் இதற்குத் தரும் பொருள், அறியாமையை உடைத்தற்குக் காரணமாகிய வலியினையுடைய தாள் என்பது. முதல் பட்டியலில் 'மதன் – அறியாமை', 'உடை – உடைத்தல்', 'நோன் – வலி' என்று மூன்று பதிவுகள், மூன்றும் நேர்ப்பொருள் என்றே இருந்தன. உரையைச் சரியாகப் படித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். கேள்வி, இதை நேர்ப்பொருள் என்று வைக்கலாமா என்பது.

ஆசிரியர் உடனே புறநானூற்றை நினைவுபடுத்தினார். ஐம்பதாம் பாட்டு, முரசுகட்டிலில் தூங்கிப்போன மோசிகீரனாருக்குச் சேரமான் விசிறி வீசிய பாட்டு. அதில் 'மதனுடை முழவுத்தோள் ஓச்சி' என்று வருகிறது. விசிறுகிற தோள் எந்த அறியாமையையும் உடைக்கவில்லை. அங்கே மதன் வலிமை, உடை என்பது உடைய. வலிமையுடைய, முழவு போன்ற தோள். அப்படியானால் முருகாற்றுப்படையிலும் 'வலிமையுடைய தாள்' என்று படிக்க இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை.

அப்போது நச்சினார்க்கினியர் எதை வைத்து அறியாமை என்றார்? தொல்காப்பிய உரியியலில் 'மதவே மடனும் வலியும் ஆகும்' என்று ஒரு நூற்பா உண்டு. மடன் என்பது அறியாமை. ஆக, மத என்ற உரிச்சொல்லுக்கு அறியாமை, வலிமை இரண்டுமே மரபுவழி வந்த பொருள்கள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவருக்கு இந்த நூற்பா கைவசம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அவர் சும்மா இட்டுக்கட்டவில்லை.

இரண்டில் அறியாமையை ஏன் தேர்ந்தார் என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. நோன் என்ற சொல்லுக்கே வலிமை என்றுதான் பொருள். மதனுக்கும் வலிமை என்று கொண்டால் 'வலிமையுடைய வலிய தாள்' என்று கூறியது கூறலாகிவிடும். அதோடு முன்னால் நிற்பது உறுநரைத் தாங்கிய தாள். இறைவன் திருவடி அடைந்தவரைத் தாங்குவது என்றால், சமய நோக்கில் அவரது அறியாமையை நீக்குவதும் அதில் அடங்கும். தாங்குதலை அவர் தீவினை போக்குதலோடு சேர்த்துச் சொல்வதையும் பார்த்தால், வழிபாட்டு நூலாகவே இந்தப் பாட்டை அவர் படித்தது தெரிகிறது. புறநானூற்று அரசனின் தோளுக்கு அந்தத் தேவை எழவில்லை.

இன்னொன்றும் உண்டு. பதம் பிரித்த பதிப்பை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது. 'மதன் உடை நோன் தாள்' என்று இரண்டு பொருளுக்கும் ஒரே பிரிப்புத்தான். வேறுபாடு இருப்பது உடை என்பதில். உடைய என்று கொண்டால் அது குறிப்பு, உடைக்கின்ற என்று கொண்டால் அது வினைத்தொகை. பிரித்துக் காட்டினால் பொருள் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை இந்த மாதிரி இடங்களில் பலிக்காது.

கடைசியில் எடுத்த முடிவு இது. உரையிலிருந்து எடுக்கும் பட்டியல் என்பதால் உரையின் பொருளே முதலில் நிற்கும். ஆனால் 'மதன் – அறியாமை' என்பது இடப்பொருள் என்று குறிக்கப்படும். 'மதன் – வலிமை' என்பது தனி வரியில், புறநானூறு 50ஐச் சுட்டி, நேர்ப்பொருளாக வரும். உடை என்பதற்கும் அப்படியே இரண்டு வரி. ஆசிரியருக்கு வலிமை என்பதே பாட்டின் காலத்துக்கு ஏற்ற பொருள் என்ற கருத்து இருந்தது, எனக்கும் அதுதான். ஆனாலும் உரையின் பொருளைத் தள்ளிவிட்டு நம் பொருளை அதன் இடத்தில் உட்கார வைத்தால், 'நச்சினார்க்கினியர் உரைப்படி' என்று தலைப்புப் போட்டதற்கு அர்த்தமில்லை.

உரையின் தமிழுக்கும் பொருள் வேண்டியிருந்தது

'செல்லுறழ் தடக்கை' என்ற ஐந்தாம் அடியில் வேறொரு தொல்லை. தடக்கை என்பதற்கு உரையில் பெருமையையுடைய கை என்று பொருள். பட்டியலில் அப்படியே 'தட – பெருமை'. முதல் வரைவைப் படித்துப் பார்த்த ஒருவர், முருகனுடைய கை பெருமைக்குரியது என்று புரிந்துகொண்டார். அவர் பக்கத்தில் தவறில்லை, இன்று பெருமை என்றால் அதுதான் பொருள்.

உரையாசிரியர் சொல்வது பெரிதாக இருத்தல். 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்று தொல்காப்பியம் சொல்வதும் அளவில் பெரியது என்ற பொருளிலேதான். தடக்கை, பெரிய கை. ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய உரை, பாட்டை விட எளிது என்பதால் இன்றைய தமிழ் என்று ஆகிவிடாது. அதனால் உரைச்சொல்லை அப்படியே வைத்து, அடைப்புக்குள் இன்றைய வழக்குச் சொல்லையும் போட்டோம். 'தட – பெருமை (பெரிதாயிருத்தல்)'.

உறழ் என்பதும் இதே அடியில்தான். உரை அதை மாறுபட்ட என்று கொள்கிறது; இடியோடு போட்டியிட்டு அதை மிஞ்சும் கை. உறழ என்பது உவம உருபுகளில் ஒன்றாகவும் தொல்காப்பியத்தில் வருகிறது. அப்படிக் கொண்டால் இடி போன்ற கை. இங்கே இரண்டும் ஒன்றையொன்று அதிகம் விலக்கவில்லை, குறிப்புப் பத்தியில் ஒரு வரி எழுதி விட்டுவிட்டோம்.

அச்சிட்டுக் கொடுத்த பிறகு

பட்டியல் பாட்டின் ஓரத்தில் அச்சாகிக் குழுவினர் கைக்குப் போனது. 'நேர்', 'இடம்' என்ற சிறு குறிகள் ஓதுபவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று பயந்தோம், அப்படி ஒன்றும் ஆகவில்லை. கடப்பம்பூவைத் தேருருள் போன்ற பூ என்று உரை சொல்வது எல்லோருக்கும் பிடித்துப்போனது. 'உருள்பூ' என்பதை அதுவரை உருண்டையான பூ என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

எதிர்ப்பு வந்தது மதனில்தான். மூத்த உறுப்பினர் ஒருவர், மதன் என்றால் மன்மதன், காமத்தை உடைத்த திருவடி என்பதே பொருள், நீங்கள் இரண்டு பொருள் கொடுத்தும் இதை விட்டுவிட்டீர்களே என்றார். பிற்காலப் பாடல்களில் மதன் காமன் என்ற பொருளில் நிறைய வருகிறது என்பது உண்மை. ஆனால் இந்த உரை அப்படிச் சொல்லவில்லை. சங்கப் பாட்டில் மதனுடை என்ற தொடர் நிற்கும் விதமும் அதற்கு இடம் தரவில்லை. ஆசிரியர் புறநானூற்று அடியை எடுத்துக் காட்டி, "சேரமான் தோளிலயும் மன்மதனைத்தான் உடைச்சானாண்ணே?" என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை. அவருடைய தாளில் பேனாவால் 'காமன்' என்று எழுதியிருப்பதைப் பிறகு பார்த்தேன்.

மாணவி தன் பங்குக்கு, உ.வே.சா. பதிப்பின் பின்னாலுள்ள அரும்பத அகராதியோடு எங்கள் பட்டியலை ஒப்பிட்டார். அருஞ்சொற்களில் விடுபட்டவை சில அகப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் உரையில் மட்டும் வரும் ஆட்சிக்கு 'உரை' என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறி எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார் அவர்.

அடுத்த பகுதிக்கு மாற்றிக்கொள்பவை

முதலாவது, எலும்புக்கூட்டைக் கடைசியில் எழுதாமல் தொடக்கத்திலேயே எழுதுவது. சொல் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியமும் எந்தச் சொல்லில் முடிகிறது என்ற தாள் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பரிமேலழகர் பெயரில் உள்ள உரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது. இரண்டையும் கலந்து ஒரு பொருள் செய்வதற்காக இல்லை. இரண்டு உரையும் எங்கே பிரிகின்றனவோ அந்தச் சொல்லுக்கு மட்டும் சங்க நூல்களில் வேறு ஆட்சியைத் தேடினால் போதும். மதனுக்காகச் செய்ததை எல்லாச் சொல்லுக்கும் செய்துகொண்டிருந்தால் 317 அடி முடியாது.

மூன்றாவது, ஒரு சின்ன ஏற்பாடு. 'வருவித்தது' என்று குறித்தவற்றை ஓதுபவர்களுக்கான அச்சில் விட்டுவிட்டு, குழுவின் மூலப் பட்டியலில் மட்டும் வைப்பது. மகாமேரு அங்கே இருக்கும். சூரரமகளிர் ஆடும் பகுதி அடுத்து வருகிறது, அதில் அணிகலன் பெயர்கள் அதிகம். அவற்றுக்கு உரை பெரும்பாலும் இன்னொரு அணிகலனின் பெயரைத்தான் பொருளாகச் சொல்கிறது. அந்தப் பெயரும் இன்று வழக்கில் இல்லை. எனவே 'பெருமை'க்குச் செய்தது போல அடைப்புக்குள் விளக்கம் எழுதும் வேலையை ஆசிரியர் இப்போதே தொடங்கிவிட்டார்.